ஆறு வெள்ளைக்கரு கொடுத்தும் ஏறாத எடை

கேள்வி: கோபி பக்கத்துல ஒரு கிராமம்ங்க. பையனுக்கு 16 வயசு, பிளஸ் ஒன் படிக்கறான். உயரம் 168 செ.மீ., எடை 46 கிலோ. கபடி ஆடுவான். ஜிம்முக்குப் போற பையன் ஒருத்தர் சொன்னாருன்னு ரெண்டு மாசமா தினமும் ஆறு முட்டை வேகவெச்சு வெள்ளைக்கரு மட்டும் குடுக்கறேன். மஞ்சக்கருவை நாய்க்குப் போட்டுடறோம். அரைக் கிலோ கூட ஏறலீங்க. காலையில அதோட ரெண்டு இட்லி, டீ. மத்தியானம் டப்பா சாப்பாடு, கொஞ்சம் மிச்சம் வந்துரும். சாயங்காலம் பஃப்ஸும் டீயும். ராத்திரி நாலு தோசை. நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையா உடைச்சுக் குடிச்சாத்தான் தேறும்னு மாமியார் சொல்றாங்க. முட்டை எத்தனை குடுக்கலாம்? மஞ்சக்கரு ஆகுமா? புரட்டாசியில என்ன பண்றது? பவுடர் வாங்கணுமா? வீட்டுல மாடு இருக்குது, பால் சொசைட்டிக்கு ஊத்தறோம்.

பதில்: சகோதரி, நாளைக் காலையிலிருந்து அந்த ஆறு வெள்ளைக்கருவை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பதிலாக மஞ்சள் கருவோடு சேர்த்து இரண்டு முழு முட்டை கொடுங்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, இரண்டும் நன்றாக வெந்ததாக இருக்கட்டும். முட்டையைப் பொறுத்தவரை தம்பிக்கு இது போதும். ஆனால் எடை ஏறப்போவது முட்டையால் மட்டும் அல்ல, முட்டையைச் சுற்றி நீங்கள் வைக்கப்போகும் மற்ற சாப்பாட்டால்தான். ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன். கணக்கு தெரிந்தால் அடுத்த முறை யார் என்ன யோசனை சொன்னாலும் அதை நீங்களே எடைபோட்டுப் பார்க்கலாம்.

நம் பக்கம் கடைகளில் கிடைக்கும் நாமக்கல் பண்ணை முட்டை ஓட்டோடு 50 முதல் 55 கிராம் இருக்கும். ஓடு போனால் ஏறக்குறைய 48 கிராம். அதில் இருப்பது 70 முதல் 75 கலோரி. இந்த 75 கலோரியும் முட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்கவில்லை. வெள்ளைக்கருவில் 17 கலோரிதான், மீதி 55-க்கு மேல் மஞ்சள் கருவில் இருக்கிறது. கொழுப்பு முழுவதும், வைட்டமின் ஏ, டி, பி12 ஆகியவற்றில் பெரும்பங்கும், மூளைக்கும் நரம்புக்கும் தேவைப்படும் கோலின் என்ற சத்தும் மஞ்சள் கருவில்தான் உள்ளன. புரதத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு அதில் இருக்கிறது. வெள்ளைக்கருவில் மிஞ்சுவது மூன்றரை கிராம் புரதமும் தண்ணீரும்.

ஆகவே ஆறு வெள்ளைக்கரு என்றால் நூறு கலோரி. ஒரு நடுத்தர வாழைப்பழம் தருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே நேரத்தில் நாய்க்குப் போன ஆறு மஞ்சள் கருவில் 330 கலோரி இருந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் இருபதாயிரம் கலோரிக்குக் கிட்டே வரும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சப்பட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் தட்டிலிருந்து இரண்டரைக் கிலோ எடை வெளியே போயிருக்கிறது. காகிதத்தில் போடும் கணக்கு உடம்பில் அப்படியே பலிக்காது என்பது உண்மை. ஆனால் எடை ஏன் அசையவில்லை என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

அந்த ஜிம் பையன் உங்களை ஏமாற்றவில்லை. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கொழுப்பைக் குறைத்துத் தசையைத் தெரியவைக்க நினைக்கிறவர்கள் வெள்ளைக்கருவைத் தனியாகச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குக் கலோரி குறைய வேண்டும், புரதம் வேண்டும், வயிறும் நிறைய வேண்டும். தம்பிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். புரதத்துக்குப் பசியை அடக்கும் குணம் உண்டு. ஆறு வெள்ளைக்கரு உள்ளே போன பிறகு ஒரு பையனால் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட முடியாமல் போவதில் வியப்பில்லை. இன்னொன்றும் நடக்கிறது. மொத்தச் சாப்பாட்டில் கலோரி போதவில்லை என்றால், உடம்பு அந்தப் புரதத்தைத் தசை கட்ட வைத்துக்கொள்ளாமல் எரித்து அன்றைய ஓட்டத்துக்குச் செலவழித்துவிடும். மாலையில் கபடி ஆடுகிற பையனுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இப்போது அவன் ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறான் என்று நீங்கள் எழுதியதை வைத்தே பார்ப்போம். காலையில் இட்லி, டீ, வெள்ளைக்கரு எல்லாம் சேர்ந்து 300 கலோரி. மதிய டப்பாவில் மிச்சம் வருவதைக் கழித்தால் 550. பஃப்ஸும் டீயும் 350. இரவு நான்கு தோசை, சட்னியோடு 620. மொத்தம் 1,800 சொச்சம். பையன்கள் வெளியில் வாங்கித் தின்பதை அம்மாக்களால் கடிதத்தில் எழுத முடியாது, அதையும் சேர்த்து 2,000 என்று வைத்துக்கொள்வோம். ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 16 முதல் 18 வயதுப் பையன்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,300 கலோரி தேவை. அது 64 கிலோ எடையுள்ள பையனை வைத்துப் போட்ட கணக்கு, 46 கிலோ பையனிடம் எடுத்தவுடன் அதை எதிர்பார்க்கக் கூடாது. இப்போது சாப்பிடுவதற்கு மேல் 500 கலோரி கூடினால் ஆரம்பத்துக்குப் போதும்.

இந்த 500-ஐ முட்டையாலேயே நிரப்ப நினைத்தால் ஏழு முட்டை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எந்தப் பையனும் நான்கு நாளைக்கு மேல் அதைத் தாங்க மாட்டான், மற்ற சாப்பாடும் இறங்காது. ஆகவே முட்டை இரண்டோடு நிற்கட்டும். பிடிக்கிற நாளில் மூன்று கொடுத்தாலும் ஆரோக்கியமான பையனுக்குக் கெடுதல் இல்லை. மஞ்சள் கருவில் 200 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவான கொலஸ்ட்ரால் இருப்பது உண்மைதான். ஆனால் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ, ஆண்களில் 55 வயதுக்குள், பெண்களில் 65 வயதுக்குள் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தாலோ, பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிக அதிகம் என்று சொல்லப்பட்டிருந்தாலோ ஒழிய, இந்த வயதில் இரண்டு முட்டைக்காகப் பயப்பட வேண்டியதில்லை. அப்படிக் குடும்பத்தில் இருந்தால் மட்டும் முதலில் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

அந்த 500 கலோரி எங்கிருந்து வரும்? உங்கள் சமையலறையிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும்தான். காலையிலிருந்து ஒவ்வொரு வேளையாகப் போவோம்.

காலையில் அவசரம், பஸ் வந்துவிடும், பசியும் இருக்காது. மென்று தின்ன நேரம் இல்லாத அந்த வேளையில் அவித்த முட்டை தொண்டையில் நிற்கும். முட்டை தோசையாக ஊற்றிவிடுங்கள். மாவைக் கல்லில் விட்டு, மேலே ஒரு முட்டையை உடைத்துப் பரப்பி, சின்ன வெங்காயமும் மிளகுத்தூளும் தூவி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ கடலெண்ணெயோ சுற்றி விட்டு, திருப்பிப் போட்டு இரண்டு பக்கமும் வேகவையுங்கள். தோசைக்கு 120, முட்டைக்கு 75, எண்ணெய்க்கு 45 என்று 240 கலோரி ஒரே தோசையில் வந்துவிடும். சுருட்டிக் கையில் கொடுத்தால் பஸ்ஸில்கூடச் சாப்பிடலாம். அதோடு டீக்குப் பதிலாக ஒரு டம்ளர் பால், 200 மில்லி, இரண்டு டீஸ்பூன் நாட்டுச்சர்க்கரை போட்டுக் கொடுங்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. பாலும் சர்க்கரையும் 170 கலோரி. 300 கலோரியாக இருந்த காலை வேளை இப்போது 410 ஆகிவிட்டது. வயிற்றில் இடம் அடைப்பது என்னவோ முன்பைவிடக் குறைவுதான். சாப்பாட்டோடு டீ குடித்தால் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. அதனால் டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

பள்ளிக்கூடத்தில் காலை இடைவேளைக்கு ஒரு சின்ன டப்பாவில் வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம் அளவு, கொடுத்து அனுப்புங்கள். இந்த ஒரு கைப்பிடியில் 170 கலோரியும் ஏழரை கிராம் புரதமும் இருக்கின்றன. இரண்டு முட்டையைவிடக் கலோரி அதிகம், ஒரு முட்டையைவிடப் புரதம் அதிகம். எடை ஏற வேண்டிய பையனுக்கு நம் ஊரில் விளைகிற பொருள்களில் நான் முதலில் சொல்வது நிலக்கடலைதான். தனியாகப் பிடிக்கவில்லை என்றால் கடலை உருண்டையாகக் கொடுக்கலாம். பூஞ்சை பிடித்த கடலையையும், நிறம் மாறிச் சுருங்கிய, கசக்கிற கடலையையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

மதியச் சாப்பாட்டின் அளவைக் கூட்டாதீர்கள். ஏற்கெனவே மிச்சம் வருகிறது, இன்னும் அமுக்கி வைத்தால் அதுவும் சேர்ந்துதான் திரும்பி வரும். அதே அளவு சோற்றில் இரண்டு டீஸ்பூன் நெய் கலந்து அனுப்புங்கள். 90 கலோரி சத்தமில்லாமல் உள்ளே போகும். அரிசியும் பருப்பும் சாதம் செய்கிற நாளில் நெய் ஊற்ற உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற நாளில் பொரியலில் தேங்காய்ப்பூவை இரண்டு பங்காகப் போட்டாலும் இதே பலன் கிடைக்கும்.

கொள்ளுப்பருப்பு நம் வீடுகளில் அடிக்கடி வரும். நல்ல உணவுதான். ஆனால் கொள்ளில் கொழுப்பு மிகக் குறைவு, நார் அதிகம், சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. எள்ளில் பாதி எண்ணெய். ஆகவே தம்பிக்கு இந்த ஆறு மாதம் கொள்ளைக் குறைத்து எள்ளைக் கூட்டுங்கள்.

அந்த எள்ளுக்கு இடம் சாயங்காலம். பஃப்ஸும் டீயும் தருகிற அதே 350 கலோரியை ஒரு நேந்திரம் பழமும் இரண்டு எள்ளுருண்டையும் தந்துவிடும். கலோரி இதில் கூடவில்லை, ஆனாலும் மாற்றச் சொல்கிறேன். பஃப்ஸில் இருப்பது மைதாவும் டால்டாவும். அதை விழுங்கிவிட்டுக் கபடிக் களத்தில் இறங்கினால் வயிறு கனக்கும், ஆடி முடித்ததும் பசியும் எடுக்காது. பழமும் எள்ளும் ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டால் ஆட்டத்துக்கும் உதவும், இரவுப் பசியையும் கெடுக்காது. நேந்திரம் கிடைக்காத நாளில் கதலிப் பழம் இரண்டு கொடுங்கள்.

இரவு நான்கு தோசையை அப்படியே விட்டுவிடுங்கள். தொட்டுக்கொள்ளச் சட்னிக்குப் பதில் தேங்காய் அரைத்துவிட்ட முட்டைக் குழம்போ, வெங்காயம் வதக்கிய முட்டைப் பொடிமாஸோ இருந்தால் 120 கலோரி கூடும். சந்தவை செய்கிற நாளில் தேங்காய்ப்பாலோடு கொடுத்துப் பாருங்கள், அவனே கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். எட்டரை மணிக்குள் சாப்பாடு முடியட்டும். படுக்கப் போகும் முன் இன்னொரு டம்ளர் பால், சர்க்கரையோடு, 170 கலோரி. குடிக்கிற கலோரி மெல்லுகிற கலோரியைப் போல வயிற்றை அடைத்து வைக்காது, எடை ஏற வேண்டியவர்களுக்கு அதுதான் வசதி. பத்து மணிக்கு மேல் தோசை சாப்பிட்டுவிட்டு நள்ளிரவில் படுத்தால் காலையில் பசி இருக்காது, மறுபடியும் பழைய கதைதான்.

கூட்டிப் பார்த்தால் காலையில் 110, இடைவேளையில் 170, மதியம் 90, இரவில் 120, படுக்கும் முன் 170. மொத்தம் 660 கலோரி. சில நாள் கடலை டப்பா அப்படியே திரும்பி வரும், சில நாள் பால் வேண்டாம் என்பான். அந்த நாள்களையும் சேர்த்துத்தான் 500 என்று சொன்னேன். இந்த 660-இல் முட்டையின் பங்கைப் பாருங்கள். நூறு கலோரி வெள்ளைக்கரு போய் 150 கலோரி முழு முட்டை வந்திருக்கிறது, அவ்வளவுதான். முட்டையின் வேலை கலோரியைக் கூட்டுவது அல்ல. வந்து சேரும் கலோரி வெறும் வயிற்றுத் தொந்தியாகப் போகாமல், கையிலும் தொடையிலும் தசையாக நிற்க நல்ல புரதம் கொடுப்பதுதான் அதன் வேலை. சொசைட்டிக்குப் போகும் பாலில் தினம் 400 மில்லியை வீட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதையும் இதோடு கேட்டுக்கொள்கிறேன். இந்தத் திட்டத்தில் அந்தப் பால் முட்டையைவிடக் கூடுதல் வேலை செய்கிறது.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடாதீர்கள். முதல் வாரம் முட்டை தோசையும் காலைப் பாலும். இரண்டாம் வாரம் கடலையும் நெய்யும். மூன்றாம் வாரம் மற்றவை. திடீரென்று எண்ணெயும் பாலும் கூடினால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும். பிறகு "இது எனக்கு ஒத்துக்கல" என்று பையன் மொத்தத்தையும் தள்ளிவிடுவான். பால் குடித்த ஒரு மணி, இரண்டு மணியில் ஒவ்வொரு நாளும் வயிறு இரைந்தால் பாலை நிறுத்தி அதே அளவு கெட்டித் தயிராகக் கொடுங்கள். முட்டை ஆரம்பித்த பின் மலச்சிக்கல் என்றால் முட்டையைக் குறை சொல்லாதீர்கள், அதில் நார் இல்லை என்பதுதான் காரணம். கீரையையும் பழத்தையும் தண்ணீரையும் கூட்டினால் சரியாகிவிடும். ஆனால் முட்டை சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி வந்தால் அது ஒவ்வாமை. மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், பிறகு டாக்டர் சொல்லும்வரை முட்டை கூடாது.

உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். அந்தக் காலத்தில் வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையோடு நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுப்பார்கள், உடம்பு தேறத்தான் செய்தது. அதில் பெரிய வேலை செய்தது நல்லெண்ணெய். ஒரு சின்னக் கரண்டி, 30 மில்லி நல்லெண்ணெயில் 245 கலோரி இருக்கிறது. சிறிய நாட்டுக்கோழி முட்டையில் 55 முதல் 60 கலோரிதான். ஆகவே அவர் பார்த்த பலன் பொய் இல்லை, எண்ணெயை முட்டை தோசையில் ஊற்றினாலும் அந்தப் பலன் அப்படியே வந்து சேரும்.

பச்சையாகக் குடிப்பதில் நஷ்டம் மூன்று. வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் பாதிதான் சேர்கிறது. 1998-இல் பெல்ஜியத்தில் மனிதர்களை வைத்து இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அடுத்தது, பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள் பயோட்டின் வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேகவைத்தால் பெருமளவு செயலிழந்துவிடும். எப்போதோ ஒருநாள் குடிப்பதால் ஒன்றும் ஆகாது, தினமும் குடித்தால் பிரச்சினை. மூன்றாவதுதான் உடனே படுக்கவைப்பது. முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். நாட்டுக்கோழி முட்டைக்கு இதில் விதிவிலக்கு இல்லை, எருக்குழியில் மேய்கிற கோழியின் முட்டை ஓட்டில் அழுக்கு இன்னும் அதிகம். ஒரு முறை காய்ச்சலும் பேதியும் வந்தால் இரண்டு மாதம் ஏற்றிய எடை ஒரு வாரத்தில் இறங்கிவிடும். தம்பிக்குக் கடையில் கலக்கி பிடிக்கும் என்று நினைக்கிறேன், நம் பக்கத்துப் பையன்களில் யாருக்குத்தான் பிடிக்காது? எப்போதாவது ஆசைக்குச் சாப்பிடட்டும். தினமும் சாப்பிடுவது மட்டும் மஞ்சளும் வெள்ளையும் இரண்டும் இறுகிய முட்டையாக இருக்கட்டும். அவிப்பதாக இருந்தால் தண்ணீர் கொதித்த பின் பத்து நிமிடம் போதும். விரிசல் விட்ட முட்டையை வாங்காதீர்கள்.

நாட்டுக்கோழி முட்டை உங்கள் வீட்டுக் கோழியே போட்டால் தாராளமாகக் கொடுங்கள், வேகவைத்து. கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டிய அளவுக்குச் சத்தில் வித்தியாசம் இல்லை. வாத்து முட்டை கிடைத்தால் ஒன்றில் 130 கலோரி வரும், பெரிய முட்டை, கொழுப்பும் கொஞ்சம் அதிகம் என்பதுதான் காரணம்.

புரட்டாசியைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு முட்டை தருவது 150 கலோரி, பன்னிரண்டு பதின்மூன்று கிராம் புரதம். இன்னொரு கைப்பிடி கடலையும் இன்னொரு டம்ளர் பாலோ தயிரோ கூட்டினால் அந்தப் புரதம் வந்துவிடும், கலோரி அதைவிட அதிகமாகவே வரும். காலைத் தோசைக்குப் பாசிப்பயறு ஊறவைத்து அரைத்த மாவைப் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. சனிக்கிழமை விரதம் இருந்தாலும் இதே மாற்றுதான்.

பவுடர் வேண்டாம். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 55 கிராம் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. மேலே சொன்ன சாப்பாட்டில் 60-க்கு மேல் வந்துவிடுகிறது. பவுடர் டப்பாவுக்கு ஆகும் காசில் கடலையும் எள்ளும் முட்டையும் மாதக்கணக்கில் வாங்கலாம். யாராவது ஊசியோ, பேர் தெரியாத மாத்திரையோ கொடுத்து எடை ஏற்றுகிறேன் என்றால் அந்தப் பக்கமே பையனை விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மாத்திரையால் முகம் உப்பி எடை ஏறியதுபோல் தெரியும், உள்ளே வளர்ச்சியே நின்றுபோகும்.

முட்டையை மாற்றிய கையோடு, மற்றதையெல்லாம் ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். உயரத்துக்கு எடை போதுமா என்று காட்டும் பி.எம்.ஐ. தம்பிக்கு 16.3 வருகிறது. இந்த வயதுப் பையனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கீழ் எல்லை 16.5. கொஞ்சம்தான் கீழே, பதற வேண்டாம். அப்பாவும் சித்தப்பாவும் அந்த வயதில் இப்படித்தான் இருந்தார்கள் என்றால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். டாக்டர் முக்கியமாகக் கேட்பது, எடை ஏறாமல் நிற்கிறதா, இருந்த எடை இறங்கிக்கொண்டு வருகிறதா என்பதை. இறங்குகிறது என்றால் அது சாப்பாட்டுப் பிரச்சினையாக இல்லாமலும் இருக்கலாம். அடிக்கடி தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் போகிறான் என்றால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும், நாள் தள்ளக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, சாயங்காலக் காய்ச்சலோ இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் தைராய்டு. குடற்புழு மாத்திரையைப் பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 19 வயது வரை தருகிறார்கள். தம்பி அதை விழுங்கினானா, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தானா என்று கேட்டுப் பாருங்கள். குரல் உடைதல், மீசை அரும்புதல் எதுவுமே இன்னும் தொடங்கவில்லை என்றால் அதையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எடையை வாரம் ஒரு முறை, ஒரே எடைமெஷினில், ஞாயிறு காலை வெளிக்குப் போய்வந்த பின், வெறும் வயிற்றில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தினமும் பார்த்தால் தண்ணீர் ஏறி இறங்குவதுதான் தெரியும், பையனுக்கும் மனம் உடையும். எடையோடு மேற்கையின் நடுச் சுற்றளவையும் தொப்புள் மட்டத்து இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒரு முறை தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். மாதம் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை கிலோ ஏறுவது நல்ல வேகம். 52 கிலோ வந்தால் அவன் உயரத்துக்குத் திருப்தியான எடை. அதற்கு ஐந்தாறு மாதம் ஆகும், நடுவில் உயரம் வளர்ந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

கையும் இடுப்பும் சேர்ந்து கூடினால் எல்லாம் சரியாகப் போகிறது. இடுப்பு மட்டும் கூடிக் கை அப்படியே இருந்தால் சர்க்கரையையும் எள்ளுருண்டையையும் பாதியாக்கி, தினம் தண்டாலும் பஸ்கியும் கொஞ்சம் சேர்க்கச் சொல்லுங்கள். தசை வளரக் காரணம் கொடுத்தால்தான் புரதம் அங்கே போகும். நான்கு வாரம் முழுதாகச் சாப்பிட்டும் ஊசி நகரவில்லை என்றால் இரவில் மூன்றாவது முட்டையும், மதியம் இன்னொரு கைப்பிடி கடலையும் கூட்டுங்கள், 250 கலோரி கிட்டே கூடும். அதற்கடுத்த நான்கு வாரத்திலும் அசையவில்லை என்றால் சாப்பாட்டை இன்னும் கூட்டாமல், அந்த எடை நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் டாக்டரிடம் போங்கள்.